மதிப்பெண் உயர்ந்தது, சுருக்கம் கெட்டது

ஒருவர் கணினித் திரையின்முன் அமர்ந்திருக்கிறார். ரெடிட் தளத்தில் யாரோ எழுதிய நீண்ட பதிவொன்றும், அதற்கு மொழி மாதிரி எழுதிய இரு சுருக்கங்களும் அவர்முன் உள்ளன. இரண்டில் எது சிறந்தது என்று அவர் சொல்லவேண்டும். அவ்வளவே அவர் பணி. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் இத்தகைய தேர்வுகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டினர்.

அத்தேர்வுகளைக் கொண்டு வெகுமதி மாதிரி என்னும் இன்னொரு மாதிரி பயிற்றுவிக்கப்பட்டது. அது ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஓர் எண்ணைத் தரும். மனிதர் விரும்பிய சுருக்கத்தின் எண், அவர் ஒதுக்கியதன் எண்ணைவிட உயர்ந்திருக்கவேண்டும் என்பதே அதற்கிடப்பட்ட கட்டளை. வேறுபாடு 0 எனில் இரண்டுக்கும் சமவாய்ப்பு. 1 எனில் உயர்ந்த எண் பெற்றது விரும்பப்பட ஏறத்தாழ 73 விழுக்காடு வாய்ப்பு; 2 எனில் 88. ஆகவே தனியொரு மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. ஒரே பதிவின் இரு சுருக்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கே பொருள் உண்டு.

இதன்பின் மனிதர் எழுந்து போய்விடுகிறார். மொழி மாதிரி எழுதுகிறது. வெகுமதி மாதிரி மதிப்பிடுகிறது. மிகுந்த எண் பெற்ற எழுத்துமுறை வலுப்பெறுகிறது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வெகுமதி மாதிரி பார்த்துப் பழகியவை, மனிதர் ஒப்பிட்ட சுருக்கங்கள் மட்டுமே. மொழி மாதிரியோ எண் கூடும் திசையில் நகர்ந்து, அது கண்டிராத எழுத்துவகைக்குச் சென்றுவிடுகிறது. அங்கே அது தரும் எண் வெறும் ஊகம். அந்த ஊகம் தவறுதலாக உயர்ந்திருக்கும் இடங்களையே பயிற்சி தேடிப் பிடிக்கிறது.

இதைத் தடுக்க, தொடக்கநிலை மாதிரியிலிருந்து விலகும் அளவுக்கேற்ப மதிப்பெண்ணில் ஒரு பகுதி கழிக்கப்படும்:

```
R = r(x, y) − β · log( π(y|x) / π₀(y|x) )
```

இதில் r வெகுமதி மாதிரியின் எண். π பயிற்சி பெறும் மாதிரி. π₀ தொடக்கநிலை மாதிரி. β கடிவாளத்தின் இறுக்கம். அவ்வாய்வாளர்கள் இக்கடிவாளத்தைப் படிப்படியாகத் தளர்த்திப் பார்த்தனர். சற்றே விலகியபோது சுருக்கங்கள் மனிதர்க்கு மேலும் பிடித்தன. மேலும் விலகியபோது வெகுமதி மாதிரியின் கணிப்பு ஏறிக்கொண்டே போக, மனிதரின் விருப்பம் இறங்கியது. எல்லை மீறிய சுருக்கங்களில் கேள்விக்குறிகள் அடுக்கடுக்காக வந்தன. எழுத்துப்பிழை மலிந்த சொற்கள் நெருக்கியடித்து நின்றன. முடிவில், வெகுமதி மாதிரி உயர்வாக மதித்ததையே மனிதர் தாழ்வாக மதித்தனர்.

பயிற்சியின்போது திரையில் ஏறும் கோடு இந்த வீழ்ச்சியைக் காட்டாது. ஏனெனில் அக்கோட்டை வரைவதும் அதே வெகுமதி மாதிரிதான். வீழ்ச்சியை அறியும் நேரான வழி, எழுந்து போனவரைத் திரும்ப அழைத்துப் புதிய சுருக்கங்களைக் காட்டுவதே. அவருடைய தீர்ப்பும் பிழையற்றதன்று: அந்த ஆய்வாளர்களே தமக்குள் ஏறத்தாழ 73 விழுக்காடுதான் ஒத்துப்போயினர். ஆனால் சிதைந்த வாக்கியத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பு, அவர் முன்பு செய்த தேர்வுகளில் பதிவாகியிருக்கவில்லை. அப்படிப்பட்ட வாக்கியத்தை அப்போது யாரும் அவருக்குக் காட்டவில்லை.