ஐந்து பேர், ஒரு படம், நான்கு சோடா

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் படத்துக்குப் போகக் கேட்டார்கள். கணிதம் படிப்பிக்கிற வீடு என்பதால் செலவைக் கொப்பியில் எழுதித்தான் போனோம். இந்த விடுமுறையில் கொழும்புப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும்.

நாங்கள் பெரியவர் இரண்டு, பிள்ளைகள் மூன்று. பெரியவர் டிக்கட் 1,200 ரூபா, பிள்ளைகளுக்கு 900. மொத்தம் 5,100. ஒன்லைனில் போட்டபோது கடைசிப் பக்கத்தில் 400 ரூபா கூடியது. புக்கிங் கட்டணம் டிக்கட் ஒன்றுக்கு 80 ரூபா. ஒரு தடவைக்கு ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறோம். டிக்கட்டுக்கு ஒன்று என்றால் ஐந்து பேரையும் ஒன்றாகப் போட்டாலும் ஒரு சதம் மிஞ்சாது. கவுண்டரில் அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கட்டுக்காக மட்டும் முச்சக்கரவண்டியில் போய் வந்தால் 400 எங்கே காணும்? அதனால் அதை மனதாரக் கட்டினோம்.

யோசிக்க வேண்டியது பொப்கோர்ன் கவுண்டரில்தான். குடும்ப கொம்போ 3,400 ரூபா: பெரிய பொப்கோர்ன் இரண்டு, சோடா நான்கு. தனித்தனியாக என்றால் பொப்கோர்ன் 1,000 வீதம் 2,000, சோடா 450 வீதம் 1,800, ஆக 3,800. 400 ரூபா மிச்சம் என்று பலகையில் போட்டிருந்தது. அது பொய்யில்லை.

ஆனால் நாங்கள் ஐந்து பேர். நான்கு சோடாவை வைத்துக்கொண்டு, "வாப்பா, எனக்கு?" என்று கடைசி மகன் கேட்டால் இன்னும் 450. கொம்போ 3,850 ஆகிவிடும்.

கொம்போவை அதே சாமான்களின் தனி விலையோடு ஒப்பிட்டால் எப்போதும் அதுதான் மலிவாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது, அந்தப் பலகை இல்லாவிட்டால் நாம் எதை வாங்கியிருப்போம் என்பதோடு. எங்கள் பட்டியல்: பெரிய பொப்கோர்ன் ஒன்று 1,000, சின்னது ஒன்று 600, பங்கு போட்டுக் குடிக்க சோடா இரண்டு 900, தண்ணீர்ப் போத்தல் 200. மொத்தம் 2,700. கொம்போவும் ஐந்தாவது சோடாவும் எடுத்திருந்தால் 1,150 ரூபா கூடியிருக்கும்.

கொம்போ வீண் என்று சொல்லவில்லை. நான்கு பேரும் ஆளுக்கொரு சோடா குடிக்கிற, பொப்கோர்னை மிச்சம் வைக்காத வீட்டுக்கு அந்த 400 உண்மையான லாபம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெரிய பொப்கோர்னில் பாதி கதிரைக்குக் கீழேதான் போகும்.

இன்னொன்று. பெரிய பொப்கோர்னை முதலிலேயே வாங்கினோம், சின்னதை இடைவேளைக்கு விட்டோம். எல்லாவற்றையும் படம் தொடங்க முன்னமே வாங்கினால் இடைவேளைக்கு முதல் முடிந்துவிடும், பிறகு திரும்பவும் வரிசைதான். கொம்போவில் எல்லாம் ஒரே தட்டில் வருவதால் இப்படிப் பிரிக்க முடியாது.

டிக்கட்டோடு சேர்த்து 8,200 ரூபாவுக்கு முடிந்தது. உங்கட பக்கத்து அரங்குகளில் புக்கிங் கட்டணம் டிக்கட்டுக்கா, ஒரு தடவைக்கா? கீழே எழுதுங்கள், போகிறவர்களுக்குப் பிரயோசனப்படும்.