பாஸ் லினக்ஸின் பூர்வீகம் தேடி

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பயன்பெற்றவர்களுக்கு ஒரு திரை நினைவிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் கறுப்புப் பின்னணியில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று ‘பாஸ்’ லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைத் தொட்டதே இல்லை. என் அக்கா மகளும் அப்படித்தான். பிளஸ் டூவில் வாங்கிய அந்த மடிக்கணினியை அண்மையில் பரணிலிருந்து எடுத்துக்கொடுத்து, “மாமா, ஆன் பண்ணிட்டுப் போய் ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகுது” என்றாள்.

2 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். இதற்கு எந்த லினக்ஸ் பொருந்தும் என்று யோசிக்கும்போதுதான் ஏற்கெனவே உள்ளே ஒன்று தூங்கிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று தோன்றியது. ஒரு பென் டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்கி, டிஸ்க்கில் எழுதாமல் படிக்க மட்டும் திறந்தேன்.

```
lsblk -f
sudo mount -o ro /dev/sda5 /mnt
cat /mnt/etc/debian_version
```

கடைசிக் கட்டளைக்கு டெபியனின் பழைய பதிப்பு எண் ஒன்று பதிலாக வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் முதல் பதிப்பை வெளியிட்ட பாஸ், டெபியனின் மேல் கட்டப்பட்டது. இந்திய மொழிகளுக்கான வசதிகள் அதில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தன.

டெபியனின் கதை அமெரிக்காவில், பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே மாணவராக இருந்த இயன் மர்டாக், அன்று புழக்கத்தில் இருந்த ‘எஸ்எல்எஸ்’ என்ற லினக்ஸ் தொகுப்பில் இருந்த பிழைகளால் சலித்துப்போய், 1993 ஆகஸ்ட் 16 அன்று புதிய தொகுப்பு ஒன்றை அறிவித்தார். அதே எஸ்எல்எஸ்ஸைச் சீர்செய்யப் போய்த்தான் அதே ஆண்டு பேட்ரிக் வோல்கெர்டிங்கின் ஸ்லாக்வேரும் பிறந்தது. ஒரு தொகுப்பின் குறைகள் இரண்டு வம்சங்களுக்கு வழிவிட்டிருக்கின்றன. பழைய கணினிகளுக்கென்றே பெயர்பெற்ற ஆன்டிஎக்ஸ்கூட டெபியன் வழி வந்ததுதான்.

அப்படியானால் பேரனைத் தேடி அலையாமல் தாத்தாவையே கூப்பிடலாமே? டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டுகள் முழுப் பாதுகாப்புத் திருத்தங்களும், அதற்குமேல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்த ஆதரவும் கிடைக்கின்றன. ஒரே நிபந்தனை, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. செயலி 64-பிட்டா என்று `lscpu` சொல்லிவிடும். ‘CPU op-mode(s)’ என்ற வரியில் 64-bit இருந்தால் போதும், இந்தப் பெட்டியில் இருந்தது. வெறும் 32-பிட் செயலியாக இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஆனால், எடை என்பது டெபியனில் இல்லை. இப்படிப்பட்ட கணினிகளில் பாஸ் மெதுவாக இயங்கியதற்கு அதன் மேல் உட்கார்ந்திருந்த க்னோம் மேசைத்தளம் ஒரு முக்கியக் காரணம். கண்ணுக்கு அழகான அசைவுகளுக்காக ரேமையும் கிராபிக்ஸ் சிப்பையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும் தளம் அது. இலேசான மாற்று ஒன்றைத் தேடியபோது தேடல் தைவானுக்குப் போனது. ஹாங் ஜென் யீ என்பவர் 2006இல் ஒரு கோப்பு மேலாளரை எழுதினார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் எல்எக்ஸ்டிஇ. அது ஜிடிகே 2 என்ற நிரல் நூலகத்தை நம்பி இருந்தது. அடுத்த பதிப்பான ஜிடிகே 3 அவருக்குக் கனமாகப் பட்டதால், 2013இல் க்யூட்டி நூலகத்தில் அதை எழுதிப் பார்த்தார். ஏற்கெனவே க்யூட்டியில் இயங்கிக்கொண்டிருந்த ரேசர்-க்யூட்டி குழுவும் கைகோக்க, 2014இல் எல்எக்ஸ்க்யூட்டி வெளிவந்தது. ரேமை மிச்சம் பிடிக்க நினைத்த ஒருவர் அடித்தளத்தையே மாற்றினார் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். டெபியன் மேல் எல்எக்ஸ்க்யூட்டி என்று முடிவானது.

நிறுவும் முன் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு லினக்ஸைத் திட்டுவார்கள். புகைப்படங்களை வேறொரு டிரைவுக்கு மாற்றிவிட்டு, லைவ் திரையிலேயே இதை ஓட்டலாம்:

```
sudo apt update
sudo apt install smartmontools
sudo smartctl -A /dev/sda
```

வரும் நீண்ட பட்டியலில் இரண்டு வரிகள் முக்கியம். 5ஆம் வரி, Reallocated_Sector_Ct. டிஸ்க் பழுதான இடங்களை ஒதுக்கி, மாற்று இடம் கொடுத்த கணக்கு இது. 197ஆம் வரி, Current_Pending_Sector. படிக்க முடியாமல் டிஸ்க் திணறிக்கொண்டிருக்கும் இடங்களின் கணக்கு. இந்தப் பெட்டியில் முதலாவதில் ஒற்றை இலக்க எண்ணும் இரண்டாவதில் பூஜ்யமும் இருந்தன. சின்னச் சின்னக் காயங்கள் ஆறிப்போன டிஸ்க் என்று பொருள். இரண்டாவது பூஜ்யமாக இல்லாவிட்டால் அதில் எதையும் நிறுவுவதற்கு நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அடுத்து ஒரு சிக்கல். `ls /sys/firmware/efi` என்று கேட்டால் கோப்புறை இல்லை என்றது. பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருக்கிறது, ஆனால் டிஸ்க்கில் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தது. விண்டோஸை விட்டுவைத்து அப்படியே நிறுவியிருந்தால் பழைய விண்டோஸும் புது லினக்ஸும் ஒரே பட்டியலில் தெரியாமல், ஒவ்வொரு முறையும் அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டியிருக்கும். பூட் பட்டியலில் அதே பென் டிரைவின் யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது.

இனி நிறுவி. வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பட்டியலில் தமிழ் கிடைக்கும், எழுத்துமுறை நிறுவியில் கிடைக்காது. வைஃபைக்கான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலைய வேண்டிய காலமும் போய்விட்டது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, 12ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

டிஸ்க்கைப் பிரிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுழலும் தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தரவு அதிகம், உள்வட்டத்தில் குறைவு. டிஸ்க்கின் தொடக்கம் வெளிவட்டத்தில் இருப்பதால், பழைய விண்டோஸுக்கு இனி வேலையில்லை என்று அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எல்லாவற்றையும் அழித்தேன். சிறிய இஎஃப்ஐ பகுதிக்கு அடுத்து 40 ஜிபியில் இயங்குதளத்தை வைத்து, மிச்சத்தைக் கோப்புகளுக்கு விட்டேன். மென்பொருள் தேர்வுத் திரையில் க்னோமுக்கு முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூட்டிக்குப் போட வேண்டும். இதை மறந்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

ரேம் 2 ஜிபி மட்டும் என்பதால் ஸ்வாப் மெதுவான டிஸ்க்கை நாடினால் எல்லாம் உறைந்துபோகும். ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஜிராம் இதற்கு மருந்து. `zram-tools` தொகுப்பை நிறுவி, `/etc/default/zramswap` கோப்பில் இரண்டு வரிகள்:

```
ALGO=zstd
PERCENT=50
```

பிறகு `sudo systemctl restart zramswap`.

எல்லாம் முடிந்து `free -h` போட்டால், எந்த மென்பொருளையும் திறக்காத நிலையில் அரை ஜிபிக்குள்தான் செலவானது. எல்ஐசி ரசீது பார்க்கவும், தமிழ் தட்டச்சு செய்யவும், பாடக் குறிப்பு எழுதவும் தாராளம். ஃபயர்பாக்ஸில் நாலைந்து தாவல்களைத் தாண்டினால் மூச்சு வாங்கும், யூடியூபை 480பி-க்கு மேல் வைத்தால் படம் விக்கும். எந்த லினக்ஸ் போட்டாலும் இணையப் பக்கங்களின் எடை குறையாது என்று சொன்னேன். அவள் கேட்டது வேறு: “டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்?” நாள் சொல்ல முடியாது என்றேன். 197ஆம் வரியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன், அது பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் அன்றைக்கே கோப்புகளை நகலெடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.