நான்கு தட்டு வைத்தாள் அம்மா

வாசகி ஒருவர் அனுப்பிய இந்தக் குட்டிக் கவிதையைப் போன வாரம் எங்கள் பக்கத்தில் பதிவிட்டேன். அன்று இரவே பலர் தங்கள் வீட்டுத் தட்டுக் கணக்கை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நான்கு தட்டு வைத்தாள் அம்மா.
ஒன்றை
எடுத்து உள்ளே வைத்தாள்.
அக்காவுக்குக் கல்யாணமாகி
இன்று
இரண்டாம் நாள்.

ஏன் இப்படித் தொட்டது என்று பார்க்க, இதையே ஒரே வாக்கியமாக எழுதினேன்: 'அக்காவுக்குக் கல்யாணமான இரண்டாம் நாள், அம்மா நான்கு தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.' விஷயம் அதேதான். ஆனால், காரணம் முன்பே தெரிந்துவிடுவதால் தட்டு மனதில் நிற்கவில்லை.

கவிதையின் முதல் வரியில் சோகமே இல்லை. தினமும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் நம் அம்மாவை நினைத்தபடியே உள்ளே போய்விடுகிறோம். 'வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது' என்று தொடங்கியிருந்தால், தட்டை எடுக்கும் முன்பே அழத் தயாராகியிருப்போம்.

அடுத்து, 'ஒன்றை'. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஒன்றை என்ன செய்தாள் என்று அறியக் கண் கீழே இறங்க ஒரு நொடி ஆகிறது. அம்மாவின் கை தயங்கும் நொடியும் அதுதான். 'இன்று' தனியாக நிற்பதும் அப்படியே. பிரிவு எவ்வளவு புதிது என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது.

'தட்டு', 'அம்மா' என எல்லாச் சொல்லையும் தனி வரியாக உடைத்திருந்தால், அந்தத் தயக்கம் எங்கே என்றே தெரியாமல் போயிருக்கும்.