சோறு பேசட்டும், சூப்பு முணுமுணுக்கட்டும்

கிள்ளானில் இருக்கும் என் அத்தை, முப்பது ஆண்டுகளாக வீட்டுச் சமையலறையிலிருந்தே சாப்பாட்டு ஆர்டர் எடுக்கிறார். அலுவலக வேலை முடிந்த மாலைகளில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது நான்தான். இந்த ஆண்டு அவருடைய முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. தொழிற்சாலை வேலையை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பக்கத்துத் தாமான் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அவள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டால் அடுப்பு அவளுக்கு. இல்லையென்றால் ஆர்டரை நிறுத்திவிடுவது என்பது அத்தையின் முடிவு.

மசாலா அரைப்பதிலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். அத்தை தண்ணீரிலிருந்து தொடங்கினார்.

“உப்பு, காரம் குறைஞ்சா அப்புறம் சேர்த்துக்கலாம்மா. தண்ணி தப்பா கொதிச்சா திருப்ப முடியாது” என்றார்.

முதல் நாள் வடித்த சோறு. ஒரு கிலோ அரிசிக்கு ஆறு லிட்டர் தண்ணீர். பானை முழுவதும் தளதளவென்று குமுறிய பிறகுதான் அரிசியைப் போடச் சொன்னார். போட்டதும் கொதி அடங்கிவிடும். அப்போது தீயைக் குறைக்காமல், உலை சீக்கிரம் மறுபடி குமுறும்படி விட வேண்டும். தண்ணீர் புரள்வதால் அரிசியும் புரளும், ஒன்றோடொன்று ஒட்டாது. அடங்கிய தண்ணீரில் கிடந்தால் அடியில் படிந்து கட்டியாகிவிடும். “சோத்துப் பானை சத்தமா பேசணும்” என்பது அத்தையின் விதி. ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துவிடச் சொன்னார். மிச்ச வேக்காடு வடித்த பானையின் சூட்டிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் வாரம் ஆட்டெலும்பு சூப்பு. சோற்றுக்கு நல்ல பலன் தந்த பெருந்தீயையே இதற்கும் வைக்க அந்தப் பெண் கை நீட்டினாள். அத்தை தடுக்கவில்லை. எலும்பும் விலாக்கறியும் சேர்ந்த இரண்டு கிலோவை இரண்டு பானைகளில் பாதிப் பாதியாகப் போட்டு, இரண்டிலும் ஒரே அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மெதுவாகச் சூடேறும்போது சாம்பல் நிறத்தில் நுரை மேலே வந்தது. இரண்டிலும் அதை வழித்து எடுத்தார்கள். பிறகு, “ஒண்ணு உன் இஷ்டம், ஒண்ணு என் இஷ்டம்” என்றார் அத்தை.

அவள் பானை தளதளத்தது. அத்தையின் பானையில் விளிம்போரமாக ஒரு குமிழி வந்து உடையும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வரும். நின்று எண்ணலாம் போலிருந்தது. மூடியையும் முழுக்க மூடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார். இறுக்கி மூடினால் உள்ளே சூடு தங்கி, சிறு தீயிலும் மறுபடி குமுறத் தொடங்கிவிடுமாம்.

வீட்டிலிருந்து நான் கொண்டுவந்திருந்த சமையல் வெப்பமானியைப் பானைகளில் விட்டுப் பார்த்தேன். அவள் பானையில் 100 டிகிரி. தீயை இன்னும் கூட்டினாலும் அதே 100தான். திறந்த பானையில் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் சூடேறாது. கூடுதல் எரிவாயு தண்ணீரை ஆவியாக்கி விரட்டும், அவ்வளவுதான். அத்தையின் பானை 93 காட்டியது.

“ஏழு டிகிரிதானே குறைச்சல் ஆன்ட்டி?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டரை மணி நேரம் கழிச்சு வாயில போட்டுப் பாரு.”

பெருந்தீப் பானையில் தண்ணீர் வற்ற வற்ற, நடுவில் இரண்டு முறை வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது. கடைசியில் சூப்பு பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. குமுறல் கொழுப்பைத் துளித்துளியாக உடைத்து நீரில் கலந்துவிட்டிருந்தது. கறி நார் நாராகப் பிரிந்தும் வாயில் சக்கையாக இருந்தது. சிறு தீப் பானையில் கொழுப்பு மேலே தனியாக மிதந்தது. அதை அகப்பையால் எடுத்ததும் கீழே தெளிவான சூப்பு. கறி எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. எலும்போரம் இருக்கும் கெட்டியான சவ்வு மெல்ல உருகிக் கூழாவதற்குத் தேவை நேரம்தான், குமுறல் இல்லை. கடுமையான கொதியில் சதை சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது.

குக்கரில் வைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரியை நெருங்கும், எலும்பு சீக்கிரம் வெந்துவிடும். அவசரத்துக்கு அது சரிதான் என்று அத்தை ஒப்புக்கொண்டார். “ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியாதே. கத்துக்கிறவளுக்குத் திறந்த பானைதான் வாத்தியார். சூப்பு முணுமுணுக்கணும்மா, அது பேச ஆரம்பிச்சா தீயைக் குறை.”

மூன்றாவது பாடம் இட்லி. அதன் பானைக்குள்ளும் ஏறக்குறைய 100 டிகிரிதான். ஆனால் மாவு தண்ணீரைத் தொடுவதில்லை. ஆவி குளிர்ந்த மாவின் மேல் பட்டதும் மறுபடி தண்ணீராக மாறுகிறது. அப்படி மாறும்போது, தான் சுமந்துவந்த சூட்டை மொத்தமாக அங்கே இறக்கி வைத்துவிடுகிறது. அதனால்தான் எதுவும் புரளாமல், கரையாமல், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி வேகிறது. கையில் ஆவி அடித்தால் அவ்வளவு மோசமாகப் புண்ணாவதும் இதனால்தான். மூடியை எப்போதும் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திற என்று அத்தை மூன்று முறை சொன்னார்.

கீழ்த்தட்டுக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கொதிநீர் எகிறி அடி இட்லியை நனைத்துவிடும். ஆவி பலமாக வந்த பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும். முன்கூட்டி வைத்தால், மாவு இறுகுவதற்குள் அதிலுள்ள காற்று வெளியேறி இட்லி தட்டையாகிவிடும். பானையின் அடியில் அத்தை ஒரு பழைய இருபது சென் காசைக் கழுவிப் போடுவார். தண்ணீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்து, பாதி வெந்த இட்லி அப்படியே அமுங்கிவிடும்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, அறுபது பேருக்குக் காலைப் பசியாறல் ஆர்டர். விடியற்காலை நான்கு மணியிலிருந்து அவள் தனியாக நின்றாள். அத்தை முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி இருக்கும். மூன்றாவது ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தபோது காசுச் சத்தம் மெலிந்து, நின்றது. அத்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். உள்ளே கெண்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்த அடுத்த நொடியே காசு மறுபடி கடகடத்தது.

“வெந்நீர்தான் ஊத்தியிருக்கா” என்று சொல்லிவிட்டு அத்தை மெல்ல உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, அடுத்த மாத ஆர்டர் நோட்டை எடுக்கச் சொன்னார்.