வேலைக்கு வரச் சம்மதம், ஆனால் தேதி...

பணியாளர் துறையில் 30 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், வேலைக்கான கடிதம் கையில் கிடைத்தால் உறவில் எல்லோரும் என்னிடம் கொண்டுவருவார்கள். இந்த மார்ச்சில் வந்தவள் தங்கை மகள். சம்பளம் அவளுக்குத் திருப்தி. ஆனால் ஏப்ரல் 15-ம் தேதி சேர வேண்டும் என்று போட்டிருந்தது. பழைய கம்பெனியிலோ நோட்டீஸ் காலம் 90 நாள்.

“போன்ல கேட்டேன் மாமா. ‘பார்த்துக்கலாம், நீங்க முதல்ல ராஜினாமா பண்ணுங்க’ன்னு சொன்னாங்க.”

“மாற்றிய கடிதம் வரும்வரை ராஜினாமா செய்யாதே” என்றேன். பேசியவர் நாளைக்கு வேறு இடத்துக்கு மாறிவிட்டால் அந்தப் பேச்சுக்கு யார் சாட்சி?

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. ஜூனில் கண்புரை ஆபரேஷன். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். தனியாக பாலிசி எடுத்தால் 3 வருடம் வரைகூட காத்திருக்க நேரும். பழைய கம்பெனியின் காப்பீடோ கடைசி வேலைநாளோடு பெரும்பாலும் முடிந்துபோகும். ஆக, சேரும் தேதியும் காப்பீடும் ஒரே கணக்கு. புதுக் கடிதத்தில் ‘குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு’ என்று மட்டும் இருந்தது. பல இடங்களில் குடும்பம் என்றால் கணவனும் பிள்ளைகளும்தான், பெற்றோர் இல்லை!

இருவரும் உட்கார்ந்து மெயில் எழுதினோம். ஆங்கிலத்தில்தான், சாரம் இது:

“இந்த வேலை கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி; உங்கள் குழுவில் சேர விரும்புகிறேன். எனக்கு 90 நாள் நோட்டீஸ். மார்ச் 10-ல் ராஜினாமா கொடுத்தால் ஜூன் 8-ல் சேரலாம். மீதி 30 நாளுக்கான தொகையை நீங்கள் ஏற்று, இங்கேயும் விடுவிக்கச் சம்மதித்தால் மே 11-லேயே வர முடியும். காப்பீட்டில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் உண்டா, எந்த நாளிலிருந்து என்று தெரிவிக்கவும். இவை அடங்கிய கடிதம் வந்ததும் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.”

‘ஏப்ரலில் முடியாது’ என்று முதலில் எழுதியிருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். ஆள் எடுப்பவர் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு தேதி வேண்டும். மறுப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடைசி வரியும் அதனால்தான். இன்னும் நாலு இடத்தில் பேரம் நடக்கிறதோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வராது.

மூன்றாம் நாள் பதில். 30 நாள் தொகையை ஏற்றார்கள். பெற்றோருக்கும் காப்பீடு உண்டு, பழைய நோயும் சேர்த்து. ஆனால் பிரீமியம் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள், சேர்ந்த 30 நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கூடவே, ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் நோட்டீஸ் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி. இப்படித்தான் போடுவார்கள். யோசித்துச் சம்மதித்தாள்.

மே 8 வெள்ளிக்கிழமை விடுவித்தார்கள். 11 திங்கட்கிழமை சேர்ந்தாள். அன்று மாலையே அப்பா, அம்மா பெயரைப் பதிந்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.