தோரணமும் கைப்பிடிக் கம்பியும்

ஆண்டுதோறும் சனவரி 14ஆம் நாள் அகமதாபாத் நகரம் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறது. உத்தராயண் எனப்படும் பட்டத் திருவிழா அது, மறுநாளும் தொடரும். அங்கே பட்டம் செய்வோருள் இசுலாமியக் குடும்பங்கள் பல உண்டு. ஏற்றி மகிழ்வோர் எல்லாச் சமயத்தாரும் ஆவர். ஆயினும் மாடியிலிருந்து வீழ்வோரும் நூலறுத்துக் காயமுற்றோரும் மருத்துவமனைக்கு வரும் நாளும் அதுவே.

அனந்தபுரத்தில் எம் தம்பியின் பிள்ளைகள் அவ்விழாவைத் தம் மாடியில் நடத்த விரும்பினர். மாடியின் நீளம் 30 அடி, அகலம் 20 அடி. சுற்றுச்சுவரோ 2 அடியே. அச்சுவரில் வண்ணத்தாள்களைத் தொங்கவிட எண்ணினர். “பெரியத்தா, அங்கே கட்டினால்தானே தெருவிலிருந்து தெரியும்?” என்றாள் இளையவள். அழகுக்கு அது சரியே. ஆயின் தாள் மூடிய தாழ்சுவர் உயர்ந்ததுபோல் தோன்றும்; சாயும் பிள்ளையைத் தாள் தாங்காது.

எனவே முதலில் கம்பி அமைத்தோம். 2 அடிச் சுவர்மேல் 2 அடிக் கம்பி வைத்தால் மொத்தம் 4 அடி என்று கணக்கிடுவது பிழையாகும். பிள்ளை சுவர்மேல் ஏறி நின்றால் எஞ்சுவது 2 அடியே அன்றோ? ஆகவே சுவரின் தலையிலிருந்தே மூன்றரை அடி உயர்த்தினோம். கம்பிகளைக் குறுக்காக வைத்தால் அவை ஏணியாகும்; நெடுக்காகவே வைத்தோம். இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் குழந்தையின் தலை நுழையாது. காரை இறுகிய பின்னர், இரு கைகளாலும் தள்ளிப் பார்த்தோம். அசைந்தால் அது அரண் ஆகாது.

தோரணத்தைச் சுவரினின்று 5 அடி உள்ளே தள்ளி, கழிகளில் இடுப்புயரத்தில் நாற்புறமும் கட்டினோம். அதன் சுற்றளவு 60 அடி. அடிக்கு ஒன்றாக 60 முக்கோணத் தாள்கள் போதுமானவை. அது தடுப்பன்று, எல்லையை நினைவூட்டும் குறி மட்டுமே.

அதன் தேவை காற்றால் விளைவது. தை மாதத்தில் இங்கே பெரும்பாலும் வடகிழக்குக் காற்று வீசும். பட்டம் தென்மேற்கே செல்லும். காற்றுத் தளரும்போது ஏற்றுபவன் நூலை இழுத்தவாறே பின்னடைவான். அவன் காணாத வடகிழக்கு ஓரமே அவனுக்குத் துன்பம். அறுந்த பட்டத்தைத் துரத்தும் பிள்ளைக்கோ தென்மேற்கு ஓரம். முதுகில் கயிறு பட்டவுடன் நிற்கவேண்டும் என்பது விதியாயிற்று.

நீண்ட தாள்நாடாக்கள் பட்டநூலிற் சிக்குமாதலின், அவற்றைப் படிக்கட்டு அறையின் சுவரில் மட்டும் ஒட்டினோம். பனியில் நனைந்தால் சாயம் இறங்கித் தரையும் வழுக்கும். மாலையே அவற்றை அகற்றினோம். நாற்காலி, செங்கல், வாளி எதுவும் கம்பியருகே இருத்தலாகாது, அவையும் படிகளே. இத்தனைக்குப் பின்னும், பட்டம் ஏற்றாத பெரியவர் ஒருவர் வானத்தை நோக்காது பிள்ளைகளையே நோக்கி நிற்றல் வேண்டும். அன்று அப்பணி எமக்கு வாய்த்தது.