வீட்டு பிளானுக்கு முன் அனுப்பிய ஒரு ஈமெயில்

மேல்மாடி கட்டப் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து பலர் ஆர்கிடெக்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். மொத்தம் மூன்று இலட்சம். ஆனால் தொகையை விட, அது எப்போது, எதற்குக் கொடுபடும் என்பதைத்தான் நாங்கள் இருவரும் இரண்டு இரவு இருந்து எழுதினோம். எங்கள் கையில் இருந்தது லோன் காசு. அவரோ ஊர்ப் பிள்ளை. நாளைக்குக் கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டிய ஆள்.

"பாதி வேலை முடிந்ததும் பாதிக் காசு" என்றார் முதலில். பாதி என்பதை யார் அளப்பது? அதனால் ஒவ்வொரு கொடுப்பனவையும் கையில் வாங்கக்கூடிய ஒரு தாளோடு கட்டினோம். தொடங்கும்போது 30,000. முதல் வரைபை நாங்கள் ஒப்புக்கொண்டதும் 90,000. பிரதேச சபைக்குக் கொடுக்கும் பிளான் கையொப்பத்தோடு கிடைத்ததும் 90,000. பாஸுக்குத் தேவையான விபரப் படங்கள் வந்ததும் 60,000. மிச்சம் 30,000, கட்டும்போது ஐந்து தடவை வந்து பார்த்த பிறகு. சபை அனுமதி கிடைக்கும் வரை மூன்றாவது தவணையைப் பிடித்து வைக்கலாம் என்று மச்சான் சொன்னார். தாமதம் சபையில் என்றால் அவர் என்ன செய்வார்? நாங்கள் சம்மதிக்கவில்லை.

அதிகம் பேசியது திருத்தம் பற்றித்தான். முதல் வரைபுக்கு இரண்டு திருத்தம், சபை பிளானுக்கு ஒன்று, இவை கட்டணத்துக்குள். "ஒரு திருத்தம்" என்றால் என்ன? வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒன்றாக அனுப்பினால் அவர் ஒவ்வொன்றையும் ஒரு திருத்தமாக எண்ணலாம், நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லலாம். ஆகவே ஈமெயிலில் இப்படி எழுதினோம்: "வரைபு கிடைத்து ஏழு நாட்களுக்குள் எங்கள் கருத்துகள் அனைத்தையும் ஒரே பட்டியலாக அனுப்புவோம். அந்தப் பட்டியல் முழுவதும் ஒரு திருத்தம்."

அடுத்தது மேலதிக வேலை. நாங்கள் ஒப்புக்கொண்ட ஒன்றை நாங்களே மாற்றினால் அது மேலதிகம். அவருடைய பிழையையோ, சட்டவிதிக்குப் பொருந்தாததால் சபை திருப்பி அனுப்பியதையோ சரிசெய்வது மேலதிகம் அல்ல. எந்த மேலதிக வேலைக்கும் தொகையை முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும், நாங்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

இரண்டும் நடந்தது. வரைபை ஒப்புக்கொண்ட பிறகு மாமி படிக்கட்டை வெளிப்பக்கம் வைக்கச் சொன்னார், மேலே வாடகைக்கு விட வசதியாம். 15,000 என்று எழுதினார், கொடுத்தோம். பிறகு எல்லைக்கு மிக அருகில் ஜன்னல் என்று சபை பிளானைத் திருப்பியது. அதைக் காசு கேட்காமலே வரைந்து தந்தார்.

ஈமெயில் போன அன்று மட்டும், "டீச்சர், என்னை நம்பவில்லையா?" என்று கோல் எடுத்தார். "ஐந்து தடவைக்கு மேல் வந்தால் உங்களுக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள் தம்பி" என்றோம். தடவைக்கு 4,000 என்று அவரே சேர்த்து அனுப்பினார்.